12.5 சதவீதமா, 2 சதவீதமா? எம்.ஆர்.பி. மேல் கலால் வரியும் சென்வாட் வரவும்

மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் வரவு; கலால் வரியில் அதற்குச் சென்வாட் என்று பெயர். வரி விகிதம் இரண்டு இருந்து, "வரவு எடுத்தால் இது, எடுக்காவிட்டால் அது" என்று சட்டம் சொன்னால், பெரும்பாலோர் விகிதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதை அல்ல. அந்த விகிதம் எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது, அந்தத் தொகைக்கும் நாம் வாங்கும் மூலப்பொருளின் விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் பார்க்க வேண்டும். மத்திய கலால் சட்டம் ஆயத்த ஆடைக்கு 2016 மார்ச் 1 முதல் வைத்த இரட்டை வழி இதற்கு நல்ல பாடம். ஜி.எஸ்.டி. வந்ததும், 2017 ஜூன் 30-உடன் அது முடிந்துபோனது. ஆனாலும் வரவோடு ஒரு விகிதம், வரவில்லாமல் ஒரு விகிதம் என்று எங்கே வந்தாலும் போட வேண்டிய கணக்கு இதேதான்.

முதலில் அடிப்படை. கலால் வரியை மூன்று விதமாக அளக்கலாம். ஆலையில் விற்ற விலையின் மேல் சதவீதம். சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் ஒரு கழிவு போக மீதியின் மேல் சதவீதம். இது 4ஏ பிரிவு. மூன்றாவது, விலையையே பார்க்காமல் டன்னுக்கு இவ்வளவு, ஆயிரம் சிகரெட்டுக்கு இவ்வளவு என்று அலகுக்கு ஒரு தொகை. ஆடைக்கு வந்தது இரண்டாவதன் உறவுமுறை: 3(2) பிரிவின்கீழ் அரசே "வரி மதிப்பு" என ஒன்றை நிர்ணயித்து, அது எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதம் என்று அறிவித்துவிடும்.

அலகுக்கு வரி போடும்போது என்ன நடக்கிறது என்பதற்குச் சிமெண்ட்டைப் பார்த்துவிட்டு ஆடைக்கு வரலாம். 2007 பட்ஜெட்டில் 50 கிலோ மூட்டையின் எம்.ஆர்.பி. 190 ரூபாய்க்குள் இருந்தால் டன்னுக்கு 350 ரூபாய், தாண்டினால் 600 ரூபாய் என்றார்கள். டன்னுக்கு 20 மூட்டை. எனவே மூட்டைக்கு 17.50 அல்லது 30 ரூபாய் (கல்வித் தீர்வை தனி). மூட்டை விலையை 190-லிருந்து 191 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஒரு ரூபாய், கூடுதலாகக் கட்டுவது 12.50. ஏற்றிய காசு முழுவதும் ஆலைக்கே வந்தால்கூட 202.50-ஐத் தாண்டும் வரை நஷ்டம்தான். இந்தப் பள்ளத்தைக் குறைக்க அதே ஆண்டு மே மாதம் நடுவில் ஒரு படி செருகினார்கள்: 190-க்கு மேல் 250 வரை எம்.ஆர்.பி.யில் 12 சதவீதம், அதற்கும் மேலே பழைய 600 ரூபாய். 250-இல் 12 சதவீதம் என்பது சரியாக 30 ரூபாய், அதாவது டன்னுக்கு 600. மேல் முனை வழுக்காமல் பொருந்திவிட்டது. கீழ் முனையில் மட்டும் 17.50-இலிருந்து 22.80-க்கு ஒரு தாவல் மிச்சம் நின்றது.

அலகு வரியில் வரவு எளிமையானது. கட்ட வேண்டிய தொகை விலையோடு அசையாது. மூலப்பொருள் விலை ஏறினால் வரவு மட்டும் ஏறும். எம்.ஆர்.பி. அடிப்படையில் அப்படி இல்லை. கடைக்காரரின் லாபம், விநியோகஸ்தரின் லாபம், விளம்பரச் செலவு, வாட் எல்லாம் சேர்ந்த விலையின் ஒரு பகுதிக்கு ஆலை வரி கட்டுகிறது. வரவு வருவதோ துணிக்கும் ஜிப்புக்கும் கட்டிய வரியிலிருந்து. இந்த இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன.

கால்சட்டை ஒன்றின் கணக்கு

2016 மார்ச்சில் வந்தது இது: பிராண்ட் பெயரோடு விற்கும், எம்.ஆர்.பி. 1,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஆடைக்கு, வரவு எடுத்தால் 12.5 சதவீதம், எடுக்காவிட்டால் 2 சதவீதம். அதுவரை வரவு எடுக்காதவருக்கு வரியே இல்லை. கூடவே வரி மதிப்பை எம்.ஆர்.பி.யின் 30 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏற்றினார்கள். பத்திரிகைத் தலைப்புகளில் 2 சதவீதம்தான் பெரிதாக வந்தது. உண்மையில் கணக்கைத் தீர்மானித்தது அந்த 60.

1,500 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள, பாலியெஸ்டர் கலந்த ஒரு கால்சட்டையை எடுத்துக்கொள்வோம். வரி மதிப்பு 900. வரவோடு என்றால் வரி 112.50. வரவில்லாமல் என்றால் 18. இடைவெளி 94.50. ஆக, ஒரு உருப்படிக்கு 94.50-க்கு மேல் வரவு கிடைத்தால்தான் 12.5 சதவீத வழி லாபம். எம்.ஆர்.பி.யின் பங்காகச் சொன்னால் 6.3 சதவீதம், எந்த விலை ஆடைக்கும் இந்தப் பங்கு மாறாது.

94.50 வரவுக்கு, 12.5 சதவீதம் வரி கட்டிய மூலப்பொருள் 756 ரூபாய்க்கு வாங்கியிருக்க வேண்டும். அது எம்.ஆர்.பி.யில் பாதிக்கும் மேல். 1,500 ரூபாய் எழுதிய ஆடையில், வாட்டும் கடைக்காரர், விநியோகஸ்தர் லாபமும் போக ஆலைக்கு வருவதே அந்த அளவுக்குத்தான் என்றால், தையல் கூலியும் லாபமும் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே கணக்கு சரிப்படும். இந்த ஒரு வாக்கியத்திலேயே பெரும்பாலான பிராண்டுகளுக்கு விடை கிடைத்துவிடும். ஆனாலும் நடைமுறையில் எவ்வளவு வரவு தேறும் என்று பார்ப்பது நல்லது. ஏமாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

துணி 320 ரூபாய், 12.5 சதவீத வரி கட்டிய பில்லோடு வந்தால் வரவு 40. ஜிப், பட்டன், லேபிள் 50 ரூபாய்க்கு 6.25. பாலிபேக், அட்டைப்பெட்டி 24 ரூபாய்க்கு 3. விளம்பரம் முதலிய சேவைகள் உருப்படிக்கு 70 ரூபாய். இங்கே ஒரு வழுக்கல். 2016 ஜூன் 1 முதல் பில்லில் 15 சதவீதம் போட்டிருக்கும். ஆனால் அதில் அரை சதவீதம் ஸ்வச் பாரத் தீர்வை, அதற்கு யாருக்கும் வரவு கிடையாது. இன்னொரு அரை சதவீதம் கிருஷி கல்யாண் தீர்வை. அதன் வரவு சேவை வழங்குநருக்கு மட்டும்தான், உற்பத்தியாளருக்கு இல்லை. மிஞ்சுவது 14 சதவீதம், அதாவது 9.80. எல்லாம் கூட்டினால் 59.05.

இப்போது இரண்டு வழியையும் பக்கத்தில் வைப்போம். ஒப்பிட வேண்டியது கருவூலத்துக்குக் கட்டும் ரொக்கத்தை அல்ல, ஆடைமேல் ஏறி நிற்கும் மொத்த வரியை. வரவு எடுத்தால், வாங்கும்போது கொடுத்த 59.05 கழிந்து மீதி 53.45 ரொக்கமாகப் போகும், மொத்தம் 112.50. வரவு எடுக்காவிட்டால் 18 கட்ட வேண்டும், கொடுத்த 59.05 செலவில் கரையும், மொத்தம் 77.05. இரண்டாவது வழியில் உருப்படிக்கு 35.45 மிச்சம். 53.45-ஐயும் 18-ஐயும் மட்டும் பார்த்து அதே 35.45-க்கு வந்துசேரலாம்தான். ஆனால் அந்தக் குறுக்குவழியில் அடுத்த கேள்வி கண்ணில் படாது: நான் வரவு எடுக்கப்போவதில்லை என்றால், துணி விற்பவர் ஏன் 40 ரூபாய் வரி கட்டி விற்க வேண்டும்?

துணிக்கும் அப்போது இதே போல இரு வழி இருந்தது. வரவு எடுக்காத நெசவாலையும் பதனிடும் ஆலையும் வரியே இல்லாமல் விற்கலாம். செயற்கை இழைக்கும் ஃபிலமென்ட் நூலுக்கும் மட்டும் வரி கட்டாயம். ஆகவே வரியில்லாத் துணி வாங்கினாலும் இழையிலோ நூலிலோ கட்டிய வரி விலைக்குள் புதைந்து வரும். அது துணிக்கு 20 ரூபாய் என்று வைத்தால், இரண்டாவது வழியின் மொத்தம் 18, 20, பிற உள்ளீடுகளின் 19.05 சேர்ந்து 57.05 ஆகிறது. முதல் வழியில் கிட்டத்தட்ட பாதி. பருத்தித் துணியில் நூலுக்கும் வரியில்லா வழி இருந்ததால் புதைந்த வரி இன்னும் குறைவு. எனவே முடிவெடுக்கும் முன் துணிக்காரரிடம் வரியோடு ஒரு விலை, வரியில்லாமல் ஒரு விலை என இரண்டு கொட்டேஷன் கேட்க வேண்டும். வரியை மட்டும் கழித்து விலை சொல்கிறாரா, அதில் கொஞ்சத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும்.

நேர்மாறான விடை வரும் இடம்

இதைப் படித்துவிட்டு "குறைந்த விகிதம்தான் எப்போதும் நல்லது" என்று எடுத்துக்கொண்டால் தவறு. 2011 பட்ஜெட்டில், அதுவரை வரிவிலக்கில் இருந்த 130 பொருள்களுக்கு வரவில்லாமல் 1 சதவீதம் அல்லது வரவோடு 5 சதவீதம் என்று வைத்தார்கள். மறு ஆண்டே அது 2 சதவீதம், 6 சதவீதம் ஆனது. இரண்டு முறையும் இடைவெளி 4 புள்ளிதான், ஆடையில் இருந்தது போல 10.5 அல்ல. 2012-இல் மூலப்பொருளுக்குப் பொது விகிதமான 12 சதவீதம். ஆலை விலையின் மேல் வரி என்றால் 100 ரூபாய்ப் பொருளில் 33.33 ரூபாய் மூலப்பொருள் இருந்தாலே வரவு 4 ரூபாயை எட்டிவிடும். மூலப்பொருள் 30 ரூபாய் என்றால் வரவு எடுக்கும் முதல் வழியின் மொத்தம் 6, இரண்டாவதன் மொத்தம் 2-உம் 3.60-உம் சேர்ந்து 5.60, வரவில்லா வழி நல்லது. 60 ரூபாய் என்றால் வரவு 7.20, கட்ட வேண்டியது 6. இங்கே வரவு வழிதான் நல்லது. ஆனால் 1.20 ரூபாய் மீந்து பேரேட்டில் தேங்கும். உள்நாட்டில் விற்பவருக்கு அதைத் திருப்பித் தர விதி இருக்கவில்லை. சென்வாட் விதி 5-இன்கீழ் ஏற்றுமதியாளருக்கு மட்டும்தான் பணமாகக் கிடைத்தது. எனவே முதல் வழியின் மொத்தத்தை 6 என்று போடாமல் 7.20 என்றே போட வேண்டும். அப்படிப் போட்டாலும் இரண்டாவது வழியின் 9.20-ஐ விட 2 ரூபாய் குறைவு.

இரண்டு கணக்குக்கும் ஒரே சூத்திரம் போதும். இரு விகிதங்களின் வித்தியாசத்தை, வரி மதிப்பு விலையில் எத்தனை பங்கோ அதனால் பெருக்க வேண்டும். அதுதான் எட்ட வேண்டிய வரவு. அதை மூலப்பொருளின் வரி விகிதத்தால் வகுத்தால், வரி கட்டிய உள்ளீடு விலையில் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று வந்துவிடும். ஆடையில் 10.5 × 0.60 ÷ 12.5 = 50.4 சதவீதம். 2012-இன் பொருள்களில் 4 ÷ 12 = 33.3 சதவீதம். முதலாவது எம்.ஆர்.பி.யில் பங்கு, இரண்டாவது ஆலை விலையில் பங்கு என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

எங்கே சறுக்கும்

முதலாவது, 1,000 ரூபாய்க் கோடு. 999-க்கு வரி இல்லை. 1,000-இல் 2 சதவீத வழியில் 12 ரூபாய். சிமெண்ட் மூட்டையின் 12.50-க்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் இங்கே பள்ளம் இன்னும் அகலம். ஏனென்றால் எம்.ஆர்.பி.யில் ஏற்றும் ஒவ்வொரு ரூபாயிலும் ஆலைக்கு வருவது ஒரு பகுதிதான். பாதி வருகிறது என்றால், 999-இல் நின்றவர் விலையை ஏற்றி அதே லாபத்தைத் தொட சுமார் 1,024 வரை போக வேண்டும். ஆயிரத்துக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் விலை எழுதினால் விற்பனையும் குறையும், வரியும் கூடும்.

இரண்டாவது, தள்ளுபடி. 4-ஆம் பிரிவில் பில்லில் கொடுத்த கழிவு மதிப்பிலிருந்து குறையும். எம்.ஆர்.பி. அடிப்படையில் அச்சிட்ட விலைதான் பேசும். 1,500 ரூபாய்க் கால்சட்டை பருவ முடிவில் பாதி விலைக்குப் போனாலும் வரி 900-இன் மேல்தான். 12.5 சதவீத வழியில் இருந்தவர் 750 ரூபாய் விற்பனைக்கு 112.50 கட்டியிருப்பார், 15 சதவீதம். 2 சதவீத வழியில் 18 என்றால் 2.4 சதவீதம். தள்ளுபடியில் அதிகம் விற்கும் பிராண்ட், பட்டியல் விலையை வைத்து அல்ல, ஆண்டு முழுவதும் சராசரியாகக் கைக்கு வரும் விலையை வைத்து வரிச் சுமையைப் பார்க்க வேண்டும். கிடங்கில் வைத்து விலைச்சீட்டை மாற்றி ஒட்டிச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் ஆபத்து: ஆடைகளில் லேபிள் ஒட்டுவதையும் மறு லேபிள் ஒட்டுவதையும் கலால் வரி அட்டவணையின் அத்தியாயக் குறிப்பு உற்பத்தியாகவே கருதியது. ஒட்டியவர் உற்பத்தியாளர் ஆகிவிடுவார், வரி புதிதாக விழும்.

மூன்றாவதுதான் பலர் கணக்கில் சேர்க்காமல் விட்டது. ஒரே யூனிட்டில் 799-க்கும் 1,499-க்கும் ஆடை தைக்கிறார்கள். 12.5 சதவீத வழியைத் தேர்ந்து வரவு எடுத்தால், 799 ரூபாய் ஆடை வரிவிலக்குப் பொருள் என்பதால் சென்வாட் விதி 6 குறுக்கே வரும். விலக்குப் பொருளுக்குப் போன துணி, ஜிப், சேவை எல்லாவற்றுக்குமான வரவைப் பிரித்துத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் விலக்குப் பொருளின் மதிப்பில் 6 சதவீதம் கட்ட வேண்டும். மதிப்பு 480 என்றால் 28.80. அந்த ஆடைக்கு எடுத்த வரவு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். துணியைத் தனி ரேக்கில், தனிப் பதிவேட்டில் வைத்துத் தப்பலாம். விளம்பரச் செலவை அப்படிப் பிரிக்க முடியாது; விகிதாசாரம்தான் போட வேண்டும்.

நான்காவது, நிபந்தனை மீறல். 2 சதவீதம் என்பது நிபந்தனையுள்ள சலுகை: வரவு எடுத்திருக்கக் கூடாது. கணக்குப் பிரிவில் ஒருவர் பழக்கத்தில் அட்டைப்பெட்டி பில்லுக்கு 3 ரூபாய் வரவு பதிந்துவிட்டால், துறை கேட்பது 3 ரூபாயை அல்ல, உருப்படிக்கு 94.50 வித்தியாசத்தை. எடுத்த வரவைத் திருப்பிவிட்டால் எடுக்காததாகவே கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சந்திராப்பூர் மேக்னெட் வயர்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல், அந்த மாத ரிட்டர்னைப் போடும் முன்பே, அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள், பதிவேட்டை ஒப்பிட்டுத் திருப்பிவிட்டால் வழக்கே வராது.

ஜாப் ஒர்க்கில் தைப்பவருக்கு ஒரு வார்த்தை. துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கினால், கலால் விதி 4(1ஏ)-இன்படி வரி கட்ட வேண்டியவர் துணி கொடுத்த பிராண்ட் உரிமையாளர்தான். தைத்தவரைக் கட்டச் சொல்லி அவர் அதிகாரமும் கொடுக்கலாம். எந்த வழி என்ற முடிவும் வரவும் யார் கட்டுகிறாரோ அவரைச் சேரும். இரண்டு பேரும் தனித்தனியாக முடிவெடுத்தால் துணியின் பில் ஒருவர் பேரில், வரி இன்னொருவர் பேரில் என்று வரவு யாருக்கும் இல்லாமல் போகும்.

சிறியவர்களுக்கு மூன்றாவது கதவு ஒன்று இருந்தது. முந்தைய ஆண்டு விற்பனை 4 கோடியைத் தாண்டாவிட்டால் முதல் 1.5 கோடிக்கு வரியே இல்லை. அந்த 1.5 கோடி வரி மதிப்பில் எண்ணப்படும். எனவே எம்.ஆர்.பி. கணக்கில் அது 2.5 கோடி, 1,500 ரூபாய் ஆடை என்றால் 16,666 உருப்படிகள். அந்த எல்லைக்குள் இருப்பவர் இரண்டு வழியையும் ஒப்பிட்டு நேரம் போக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டும் நாளைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் அவருடைய வேலை.

ஏற்றுமதியும் உள்நாட்டு பிராண்டும் ஒன்றாக வைத்திருக்கும் திருப்பூர் யூனிட்டுகளுக்கு 12.5 சதவீத வழி ஒரு கணம் கவர்ச்சியாகத் தெரியும்: தேங்கும் வரவை ஏற்றுமதி வழியாகப் பணமாக்கலாமே என்று. அங்கே, ஏற்றுமதிப் பொருளின் உள்ளீடுகளில் கட்டிய வரியைத் திருப்பித் தரும் டிராபேக்கின் அட்டவணையைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் இரண்டு பத்திகள் இருந்தன. சென்வாட் எடுக்காதவருக்குக் கூடுதல் விகிதம், எடுத்தவருக்குச் சுங்க வரிப் பகுதி மட்டும். பருத்திப் பின்னலாடையில் நூலும் துணியும் வரியில்லா வழியில் வந்ததால் எடுப்பதற்கு வரவு சொற்பம். அதை எடுத்ததற்காக இழக்கும் டிராபேக் அதை விடப் பெரிதாக இருக்கலாம். செயற்கை இழை ஆடை ஏற்றுமதியில், துணி முழுவதும் வரி கட்டிய பில்லோடு வந்தால் மட்டும், இரண்டு பத்திகளின் வித்தியாசத்தை ஒரு உருப்படிக்குக் கணக்கிட்டு, கிடைக்கும் வரவோடு வைத்துப் பார்ப்பதில் பொருள் உண்டு. பார்க்கும்போது ஏற்றுமதிக்கு ஒரு கணக்கு, உள்நாட்டுக்கு ஒரு கணக்கு எனத் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டையும் கூட்டிப் போட்டால், உள்நாட்டு ஆடைக்குக் கட்டும் கூடுதல் 94.50 ஏற்றுமதி லாபத்துக்குள் மறைந்துவிடும்.